எவ்வழக்கை ராஜி செய்யலாம்?
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



சட்டத்தைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தனர். சட்டம் ஒரு கடல். அதில் ஒரே ஒரு துறையை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். நம் மக்கள் மீது குற்றம் இழைக்கப்பட்டு, வழக்கும் பதிவான பின்னர், “ராஜியாகப் போய்விடுங்கள், புகாரை வாபஸ் வாங்குங்கள்” என்று நான்கு பேர் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார்கள். அப்போது நமக்குத் தெரிந்திருக்க வேண்டியது என்ன என்பதே என் பொருள்.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனையாக அமைத்துக்கொள்வோம். நம் தெரு இளைஞன் ஒருவன் இரவு வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வீடு திரும்புகிறான். ஊர்த் தெருவில் மூவர் அவனை மறிக்கின்றனர். வண்டியை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போகவில்லை என்பதே அவன் செய்த தவறாம். தேநீர்க் கடையில் பலர் கேட்கச் சாதிப் பெயரைச் சொல்லி இழிவாகத் திட்டுகின்றனர். ஒருவன் கையால் அடிக்கிறான். இன்னொருவன் இரும்புக் குழாயால் அடித்ததில் முழங்கையில் மூன்று தையல். “வெளியில் சொன்னால் கொன்றுவிடுவோம்” என்ற மிரட்டலும் உண்டு. அரசு மருத்துவமனையில் காயச் சான்றிதழ் பெறப்படுகிறது. காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை பதிவாகிறது.

மறுநாளே எதிர்ப் புகார் ஒன்று வருகிறது. இளைஞன்தான் குடித்துவிட்டு வண்டியை மோதினான், அவன்தான் ஆபாசமாகத் திட்டினான் என்று. நான்காம் நாள் பஞ்சாயத்துக்கு அழைப்பு. மருத்துவச் செலவுக்கு இருபதாயிரம் ரூபாய். இரு தரப்பும் புகாரைத் திரும்பப் பெறுவதாக முத்திரைத் தாளில் கையெழுத்து. எதிர்ப் புகார் எதற்காக எழுந்தது என்பது இப்போது விளங்கும். பேரம் பேச ஒரு பண்டம் வேண்டுமல்லவா?

இந்தத் தாளுக்குச் சட்டத்தில் என்ன மதிப்பு? முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். காவல்துறை பதிவு செய்த குற்ற வழக்கை நடத்துவது அரசு. புகார் கொடுத்தவர் அதன் சாட்சியே தவிர, அதன் உரிமையாளர் அல்லர். ஆகவே “புகாரை வாபஸ் வாங்குகிறேன்” என்று எழுதிக் கொடுத்த மாத்திரத்தில் வழக்கு மறைந்துவிடுவதில்லை. வழக்கைச் சமரசமாக முடிக்கச் சட்டம் சில வாயில்களை மட்டுமே திறந்து வைத்திருக்கிறது.

முதல் வாயில் ராஜி. முன்னர் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 320ஆம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலை முதல் நாளிலிருந்து நடைமுறையிலுள்ள புதிய சட்டமாகிய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 359ஆம் பிரிவாக உள்ளது. அதில் இரண்டு அட்டவணைகள் உள்ளன. முதல் அட்டவணையிலுள்ள குற்றங்களைப் பாதிக்கப்பட்டவர் நீதிமன்ற அனுமதியின்றியே ராஜி செய்யலாம். சாதாரணக் காயம், வழிமறித்தல், அத்துமீறி நுழைதல் ஆகியவை இதில் அடங்கும். இரண்டாம் அட்டவணையிலுள்ளவற்றுக்கு நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். கொடுங்காயம் விளைவித்தல் அத்தகையது. இந்த இரண்டு அட்டவணைகளிலும் இல்லாத குற்றத்தை எவரும் ராஜி செய்ய முடியாது என்று அப்பிரிவின் ஒன்பதாம் உட்பிரிவு அறுதியிட்டுக் கூறுகிறது.

ராஜி செய்யும் உரிமை யாருக்கு என்பதையும் அட்டவணையே சொல்கிறது. காயம் என்றால் காயம்பட்டவர். அத்துமீறல் என்றால் அந்த இடத்தை அனுபவத்தில் வைத்திருப்பவர். நாட்டாமைக்கோ, கட்சிக்காரருக்கோ, வயது வந்த மகனுக்காகத் தந்தைக்கோ அந்த உரிமை இல்லை. பாதிக்கப்பட்டவர் சிறுவராக இருந்தால், அவர் சார்பில் ஒப்பந்தம் செய்யத் தகுதியுடையவர் நீதிமன்ற அனுமதியோடு ராஜி செய்யலாம். இன்னொன்றையும் மறக்க வேண்டாம். ராஜியின் விளைவு விடுதலை. பின்னர் பேசிய பணம் வரவில்லை என்று அதே வழக்கை மீண்டும் எழுப்ப முடியாது. எனவே சட்டம் அனுமதிக்கும் ராஜியிலும், பேசியது கைக்கு வந்த பிறகே நீதிமன்றத்தில் ஒப்புதல் தர வேண்டும்.

இனி நம் இளைஞனின் வழக்கைப் பிரித்துப் பார்ப்போம். வழிமறித்ததும் கையால் அடித்ததும் தனித்து நின்றால் ராஜிக்கு உட்பட்டவை. இரும்புக் குழாயால் தாக்கியது அபாயகரமான கருவியால் காயம் விளைவித்தல் என்ற பிரிவில் வந்தால் ராஜிக்கு இடமில்லை. ஒரு காலத்தில் அதற்கும் நீதிமன்ற அனுமதியோடு ராஜி உண்டு. 2005ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அதை அட்டவணையிலிருந்து நீக்கியது. பொது இடத்தில் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தியது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். ஆறு மாதத்திற்குக் குறையாமல் ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. அச்சட்டத்தின் குற்றம் எதுவும் ராஜி அட்டவணையில் இல்லை. மேலும், பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்று அறிந்தே செய்த காயமும் மிரட்டலும், 2015ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், அதே சட்டத்தின் கீழும் குற்றமாகின்றன. ஆகவே ராஜிக்குரிய பிரிவுகளை மட்டும் கழற்றிவிட்டாலும் வழக்கின் முதுகெலும்பு நிற்கும்.

வன்கொடுமைக் குற்றங்களுக்கு மட்டும் ஏன் இந்தக் கதவடைப்பு என்று சிலர் கேட்கிறார்கள். இதற்கொரு வரலாறு உண்டு. அதில் நம் மண்ணுக்கும் பங்கு உண்டு. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் அக்குற்றங்களை நீதிமன்ற அனுமதியோடு ராஜி செய்துகொள்ள இடம் கொடுத்திருந்தது. கிணற்றில் நீர் எடுக்கவிடாமல் தடுத்தவனிடமே நாளை கூலிக்குப் போக வேண்டியவனுக்கு, ராஜி கேட்டு வருபவனிடம் மறுத்துச் சொல்லும் வலிமை ஏது? 1965இல் தமிழகத்தின் எல். இளையபெருமாள் அவர்களைத் தலைவராகக் கொண்டு மத்திய அரசு அமைத்த குழு, தீண்டாமை நிலையை நாடெங்கும் ஆராய்ந்து 1969இல் அறிக்கை தந்தது. அதன் தொடர்ச்சியாக வந்த 1976ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த ராஜிக் கதவை அடைத்தது. சட்டத்தின் பெயரும் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று மாறியது. பாதிக்கப்பட்டவனை நெருக்கிப் பயனில்லை என்ற நிலையை உண்டாக்குவதே அதன் உட்பொருள்.

ஆயினும் பஞ்சாயத்துத் தாளில் கையெழுத்திட்டால் என்ன ஆகும்? அந்த ஒப்பந்தம் செல்லாது. குற்ற வழக்கைக் கைவிடுவதாகப் பணம் பேசும் ஒப்பந்தம் பொது நலனுக்கு மாறானது என்பதால் செல்லாது என்று 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவு எடுத்துக்காட்டோடு கூறுகிறது. அதைவிட ஆபத்தானது வேறொன்று. ராஜிக்கு உட்படாத குற்றத்தை மறைக்கவோ குற்றவாளியைத் தண்டனையிலிருந்து தப்புவிக்கவோ பணம் பெறுவதே தனிக் குற்றம். கொடுப்பவனும் குற்றவாளி, வாங்குபவனும் குற்றவாளி. அந்த இருபதாயிரம் நம் இளைஞனையே கூண்டில் ஏற்றக்கூடும்.

நடைமுறையில் வேறொரு குறுக்கு வழி கையாளப்படுகிறது. விசாரணை நாளில் “இவர்கள் அடிக்கவில்லை, நான் தவறி விழுந்தேன்” என்று சாட்சி சொல்ல வைப்பார்கள். சட்டம் இதைப் பிறழ் சாட்சியம் என்கிறது. முன்பு சொன்னதற்கும் இப்போது சொல்வதற்கும் இடையில் ஒன்று பொய் என்றாகும்போது, பொய்ச் சாட்சிக் குற்றம் சாட்சியின் தலையில் விழக்கூடும். எதிரிகளோ வீட்டுக்குப் போய்விடுவார்கள். அடுத்த முறை நம்மவர் உண்மையான புகார் கொடுத்தாலும், “இவர்கள் புகாரெல்லாம் பணத்துக்குத்தான்” என்று பேச ஒரு வாய்ப்பும் கிடைத்துவிடும்.

இரண்டாவது வாயில், அரசு வழக்கறிஞர் வழக்கைத் திரும்பப் பெறுதல். முன்பு 321ஆம் பிரிவு, இப்போது 360. தீர்ப்புக் கூறப்படும் வரை எந்த நிலையிலும் இது நிகழலாம். ஆனால் நீதிமன்றம் இசைய வேண்டும். குற்றச்சாட்டு வனையப்படுவதற்கு முன்னென்றால் விடுவிப்பு, பின்னென்றால் விடுதலை. ராஜி அட்டவணையில் இல்லாத குற்றத்துக்கும் இது பொருந்தும் என்பதால் நாம் விழிப்போடு இருக்க வேண்டிய வாயில் இதுவே.

2000ஆம் ஆண்டு ஜூலையில் நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்தியது பலருக்கு நினைவிருக்கும். அவரை மீட்பதற்காக, வீரப்பன் கூட்டத்தோடு தொடர்புடையவர்கள் என்று சிறையிலிருந்தோர் மீதான தடாச் சட்டக் குற்றச்சாட்டுகளைத் திரும்பப் பெற அரசு முனைந்தது. தனி நீதிமன்றமும் இசைந்தது. வீரப்பன் கூட்டத்தாரால் கொல்லப்பட்ட காவல் உதவி ஆய்வாளர் ஒருவரின் தந்தை அப்துல் கரீம் உச்ச நீதிமன்றம் சென்றார். அதே ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த இசைவை நீக்கியது. அரசு சொல்கிறது என்பதற்காக அரசு வழக்கறிஞர் மனுப் போடக் கூடாது. பொது நலனுக்கு உகந்ததா என்று தானே ஆராய்ந்து முடிவு செய்ய வேண்டும். நீதிமன்றமும் அதைக் கவனிக்க வேண்டும் என்பதே தீர்ப்பின் சாரம். மகனை இழந்த தந்தை ஒருவர் இரண்டு மாநில அரசுகளின் விருப்பத்துக்கு எதிராகப் பெற்ற தீர்ப்பு அது.

இன்று நமக்கு அதனினும் நேரான உரிமை உண்டு. பாதிக்கப்பட்டவருக்குத் தம் கருத்தைச் சொல்ல வாய்ப்பளிக்காமல் திரும்பப் பெறுதலை எந்த நீதிமன்றமும் அனுமதிக்கக் கூடாது என்று புதிய 360ஆம் பிரிவு சேர்த்துள்ளது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவும் வழக்கு நடவடிக்கைகள் பற்றி முன்னறிவிப்புப் பெறவும், பிணை, விடுவிப்பு முதலியவற்றில் கருத்துரைக்கவும் உரிமை தருகிறது. அறிவிப்பு வந்தால் நீதிமன்றத்துக்குச் செல்லுங்கள். ஆட்சேபணையை எழுத்தில் கொடுங்கள்.

மூன்றாவது வாயில் உயர் நீதிமன்றத்தில் உள்ளது. ராஜிக்கு உட்படாத வழக்கையும் தன் உள்ளார்ந்த அதிகாரத்தால் அது ரத்துச் செய்ய இயலும். வன்கொடுமை வழக்குக்கும் இது பொருந்துமா? 2021இல் ராமாவதார் என்பவரின் மத்தியப் பிரதேச வழக்கில் உச்ச நீதிமன்றம் விடை கூறியது. அண்டை வீட்டாருக்குள் நிலத் தகராறு. அதில் ஒருவர் செங்கல்லை வீசிச் சாதியைக் குறித்தும் திட்டினார். தகராறின் வேர் நிலத்தில்தான் இருந்தது, புகார்தாரரின் சம்மதமும் தன் விருப்பில் தந்ததே என்று கண்டு நீதிமன்றம் அவ்வழக்கை முடித்து வைத்தது. ஆனால் சாதியின் பொருட்டே இழைத்த குற்றமாயின் இதற்கு இடமில்லை என்றும், அச்சுறுத்தலால் பெற்ற சம்மதமா என்று மிகக் கூர்ந்து பார்க்க வேண்டும் என்றும் எச்சரித்தது. வண்டியை விட்டு இறங்கவில்லை என்று அடிபட்ட நம் இளைஞனின் வழக்கில் சாதியைத் தவிர வேறு வேர் எங்கே இருக்கிறது?

ஆகவே அந்த நான்கு பேர் வாசலில் வரும்போது அவன் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: “முதல் தகவல் அறிக்கையில் என்னென்ன பிரிவுகள்?” அதன் நகலைக் கட்டணமின்றிப் பெறுவது அவனுடைய உரிமை. பிரிவுகள் அட்டவணைக்குள் இருந்தால் மன்னிப்பதும் மறுப்பதும் அவன் விருப்பம். வெளியே இருந்தால், “இதை முடிக்கும் அதிகாரம் எனக்கு இல்லை” என்று அவன் அமைதியாகச் சொல்லிவிடலாம். அப்படியும் மிரட்டினாலோ, கடையில் பொருள் தர மறுத்தாலோ, வேலைக்குக் கூப்பிடாமல் ஒதுக்கினாலோ, சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பும் அதே சட்டத்தின்படி தனிக் குற்றம். தேதியும் பேரும் குறித்து மற்றொரு புகார் எழுத வேண்டும். எதிர்ப் புகார் பொய்யானால் அதைத் தனியே எதிர்கொள்ள வேண்டும். ஒன்றை ஒன்றுக்கு ஈடாக மாற்றிக்கொள்ளும் சந்தையாக்கக் கூடாது.

நம் சங்கத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒவ்வோர் இளைஞனும் முதல் தகவல் அறிக்கை ஒன்றை வாசித்து, எப்பிரிவு ராஜிக்கு உட்பட்டது, எது உட்படாதது என்று பெரியவர்களுக்கு எடுத்துச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.