இருப்புச்சட்டியும் குருதிச் சோகையும்
(மகளிர் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



இருப்புச்சட்டியில் சமைத்தால் சோகை தீரும் என்று பலரும் கூறக் கேட்கின்றோம். அக்கூற்றில் எவ்வளவு உண்மை உண்டு என்பதை ஆய்ந்து பார்ப்போம்.

சட்டியிலிருந்து இரும்பு உணவுக்குள் இறங்குவதற்குப் புளிப்பு வேண்டும், நீர்மை வேண்டும், நெடுநேரம் கொதித்தலும் வேண்டும். 1986இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், 100 கிராம் தக்காளிச் சாற்றுக் குழம்பில் 0.6 மில்லிகிராம் அளவே இருந்த இரும்பு, வார்ப்பிரும்புச் சட்டியில் சமைத்தபின் ஏறத்தாழ 5.8 மில்லிகிராமாக உயர்ந்தது. நாமோ பெரும்பாலும் புளிக்குழம்புக்கு மண்சட்டியையும், தோசைக்கு இரும்புக் கல்லையும் கொண்டோம். எண்ணெய் பூசிப் பழகிய கல்லில் நொடியில் வேகும் தோசை பெறும் இரும்பு மிகக் குறைவே.

இனி, உணவில் இறங்கியது அனைத்தும் குருதியில் சேர்வதில்லை. கூடிய 5 மில்லிகிராமில் நூற்றுக்கு ஐந்து பங்கே உடலிற் சேர்வதாகக் கொள்வோம். அது கால் மில்லிகிராம். மாதவிலக்குடைய பெண்ணுக்கு நாளொன்றுக்கு உடலிற் சேர வேண்டுவது ஏறத்தாழ ஒன்றரை மில்லிகிராம். ஆகவே கிடைப்பது ஆறில் ஒரு பங்கு. உணவோடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்தால் அப்பங்கு கூடும். உண்டவுடன் தேநீர் பருகினால் குறையும்.

சிறிதாயினும் நாள்தோறும் சேர்வது பயன் தரும். எத்தியோப்பியாவில் 407 குழந்தைகளிடையே நடந்த ஆய்வு 1999இல் வெளியாயிற்று. ஓராண்டு இருப்புச்சட்டியில் சமைத்த வீட்டுக் குழந்தைகட்கு, 100 மில்லிலிட்டர் குருதியில் செந்நிறமி 1.7 கிராம் உயர்ந்தது. அலுமினியச் சட்டி வீடுகளில் உயர்வு 0.4 கிராமே.

ஆனால் சோகையின் வேர் வேறாயின் சட்டி உதவாது. கம்போடியாவில் கொதிநீரில் இரும்புக் கட்டியிட்டுச் சமைத்த பெண்களுக்குச் செந்நிறமி உயரவில்லை என 2017இல் வெளியான ஆய்வு காட்டிற்று. அங்கே வழிவழி வரும் குருதிக் குறைபாடுகள் மிகுதி. நம்மிடையேயும் கொக்கிப்புழுவும், மிகுந்த குருதிப்போக்கும் சோகைக்கு வேர்களாகலாம். மூச்சிரைப்பும் வெளிறலும் கண்டால் குருதியை ஆய்ந்து மருத்துவரை நாடுக. கருவுற்ற பெண்ணுக்கு நாளும் 60 மில்லிகிராம் இரும்பு மாத்திரை தருவது, அவள் வேண்டுவதைச் சட்டி ஈடுசெய்யாமையாலேயே. அடிக்கடி குருதி ஏற்றிக்கொள்வோர் உடலில் இரும்பு ஏற்கெனவே மிகுந்திருக்கும். அவர்கள் இச்சட்டியைத் தவிர்க்க.

சட்டியைக் கழுவியவுடன் துடைத்து எண்ணெய் தடவுக. குழம்பை ஆக்கியதும் வேறு ஏனத்திற்கு மாற்றுக. அதிலேயே கிடந்தால் கருக்கும், இரும்பு நாறும்.

ஆகவே இருப்புச்சட்டி சோகையைத் தடுக்க உதவும் துணை; முற்றிய சோகைக்கு மருந்தன்று.