குழு நோட்டில் எழுதாத கணக்கு

(மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கூட்டம் தொடங்கும் முன் உங்கள் கடன் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். ‘காரணம்’ என்ற கட்டத்தில் மாடு, படிப்பு, கூரை என்று இருக்கிறது. அதைவிட அதிகமாக ‘ஆஸ்பத்திரி’ என்று இருக்கிறது. அதில் ஒரு கடனை மட்டும் இன்று பேசுவோம். அந்த அக்கா இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார், பேசச் சொன்னதும் அவர்தான்.

வீட்டுக்காரருக்கு மாரடைப்பு. தனியார் மருத்துவமனைக்குத் தூக்கிப் போகிறார்கள். கையில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைக்க வேண்டும் என்கிறார் டாக்டர். அதற்குத் திட்டத்தில் அனுமதியும் வந்துவிட்டது. அதன்பிறகு ஒருவர் அக்காவைத் தனியே கூப்பிட்டு, “கார்டுல வர்றது சாதா ஸ்டென்ட்மா. நல்லது வைக்கணும்னா 35,000 கட்டு” என்கிறார். குழுவில் 20,000 கடன், தோட்டை அடகு வைத்து 15,000. கட்டியாயிற்று. கிடைத்தது ஒரு வெள்ளைத் துண்டுச்சீட்டு. அதில் தொகை இருக்கிறது. மருத்துவமனையின் பெயரோ முத்திரையோ இல்லை.

இதில் எது தவறு?

இந்தத் திட்டத்தில் ஒவ்வொரு சிகிச்சைக்கும் மொத்தமாக ஒரு தொகை நிர்ணயித்திருக்கிறார்கள். டாக்டர், படுக்கை, பரிசோதனை, மருந்து, உடம்பில் வைக்கிற ஸ்டென்ட், சாப்பாடு எல்லாம் அந்தத் தொகைக்குள் அடக்கம். அதை ஏற்றுக்கொண்டுதான் மருத்துவமனை திட்டத்தில் சேர்ந்திருக்கிறது. திட்டத்திலும் பணம் வாங்கி, நம்மிடமும் வாங்கினால் ஒரே வேலைக்கு இரண்டு கூலி. ஸ்டென்டுக்கு உச்சவிலை வைத்து 2017-லேயே ஒன்றிய அரசு ஆணை போட்டுவிட்டது. அதனால் ‘நல்ல ஸ்டென்ட்’ என்ற பேச்சைக் கேட்டதும் உஷாராகிவிடுங்கள்.

இன்னொரு பேச்சும் வரும்: “அப்ரூவல் இன்னும் வரலை, இப்போ கட்டுங்க, வந்ததும் திருப்பித் தர்றோம்.” கட்டாதீர்கள். இது பணமில்லாச் சிகிச்சைத் திட்டம். காப்பீட்டுப் பணம் மருத்துவமனைக்குத்தான் போகும், நம் கைக்கு வராது. கட்டிய பணத்துக்கு அப்புறம் அவர்கள் பின்னாலேயே அலைய வேண்டியதுதான்.

சரி, அந்த நேரத்தில் என்ன செய்வது? சண்டை போட வேண்டாம். ஒரே ஒரு வரி சொல்லுங்கள்: “எதுக்கு இந்தப் பணம்னு மருத்துவமனை தாள்ல எழுதி, முத்திரை போட்டுக் குடுங்க.” சட்டவிரோதமாகக் கேட்கிறவர் எழுதித் தர மாட்டார். அடுத்து, அங்கேயே இருக்கும் காப்பீட்டுத் திட்ட உதவி மேசைக்குப் போய், அனுமதி வந்துவிட்டதா, எந்தச் சிகிச்சைக்கு என்று கேளுங்கள். பிறகு அங்கே நின்றபடியே 1800 425 3993 என்ற இலவச எண்ணுக்குப் போன் போட்டு, அட்டை எண், மருத்துவமனைப் பெயர், கேட்ட தொகை மூன்றையும் சொல்லுங்கள். அதற்கும் மசியவில்லையென்றால் திங்கட்கிழமை ஆட்சியரிடம் எழுத்தில் மனு. வேறு வழியில்லாமல் கட்டிவிட்டால், பெயர் போட்ட ரசீது இல்லாமல் நகராதீர்கள். அக்காவின் புகார் நின்றுபோனது அந்தத் துண்டுச்சீட்டில்தான். வீட்டுக்கு அனுப்பும்போது நீட்டும் தாளில் ‘பணம் எதுவும் செலுத்தவில்லை’ என்று இருந்தால், கட்டியவர்கள் கையெழுத்துப் போடாதீர்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

அட்டையால் ஆகாததையும் சொல்லிவிடுகிறேன். சளி, காய்ச்சலுக்கு வெளிநோயாளியாகப் பார்த்தால் செல்லாது. திட்டத்தில் சேராத மருத்துவமனையில் செல்லாது. சேர்ந்த மருத்துவமனையிலும் எல்லாச் சிகிச்சைக்கும் அனுமதி இருக்காது. படுப்பதற்கு முன்பே உதவி மேசையில் கேட்டுவிடுங்கள். அட்டை இல்லாதவர்கள், குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால், வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். நோய் வந்தபின் ஓடாதீர்கள். மருமகள் பெயர் ரேஷன் கார்டில் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அக்காவிடம், “ஏன் எழுதிக் கேட்கலை?” என்று கேட்டேன். “ஊரு எதுன்னு கேட்டான், சொன்னேன். காலனியான்னான். அதுக்கப்புறம் வா, போன்னுதான் பேசினான். என்னத்தைக் கேக்கறது?” என்றார். எழுதிக் கேட்டால் மரியாதை கெட்டவள் என்பார்கள், வைத்தியத்தில் கை வைத்துவிடுவார்கள் என்ற பயம். சாதி அங்கே அடிக்கவில்லை, திட்டவில்லை. நம் வாயை மூடி 35,000 வாங்கிக்கொண்டது.

அதனால் தனியாகப் போகாதீர்கள். யார் ஆஸ்பத்திரியில் படுத்தாலும் குழுவில் இரண்டு பேர் கூடப் போவது, ஒருவர் பேச ஒருவர் எழுதிக்கொள்வது என்று இன்றே தீர்மானம் எழுதுவோம். நோட்டின் முதல் பக்கத்தில் அந்தப் போன் நம்பரும், அதற்குக் கீழே ஒவ்வொருவர் அட்டை எண்ணும் இருக்கட்டும். ‘ஆஸ்பத்திரி’ என்று யாராவது கடன் கேட்டால் குழு முதலில் கேட்க வேண்டியது, “அட்டை இருந்தும் எதுக்குப் பணம் கேட்டாங்க?” என்பதுதான்.

அட்டையை எடுத்து வாருங்கள். எழுத ஆரம்பிக்கலாம்.