கேள்வி–பதில் பகுதி: கட்டுரை முடிந்த இடத்தில் தொடங்கட்டும்

அரசு சேவை பற்றி உங்க பகுதி மக்களுக்கு எழுத விரும்புறவங்க இங்கே வந்திருக்கீங்க. கட்டுரையின் கீழே வரும் ‘அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்’ பகுதியை எப்படி அமைப்பது என்பதை மட்டும் இன்று பேசலாம். அந்தப் பகுதி பெரும்பாலும் மேலே சொன்னதையே திருப்பிச் சொல்கிறது. படிப்பவருடைய உண்மையான சந்தேகம் அப்படியே நின்றுவிடுகிறது.

திருப்பூருக்கே உரிய ஓர் உதாரணம் எடுத்துக்குவோம். பனியன் கம்பெனியில் வேலை செய்யும் பீகார் தொழிலாளி இங்கே ரேஷன் வாங்குவது எப்படி? ‘ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு’ திட்டம் தமிழ்நாட்டில் 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. நம் கட்டுரை நான்கு விஷயங்களைச் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம்: தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்ட கார்டு வேண்டும், முன்னுரிமைக் குடும்பத்துக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம், ரேஷன் கார்டு எண் அல்லது ஆதார் எண் சொல்லணும், கடையில் கைரேகை வைக்கணும்.

இப்போது இந்தத் தலைப்பைக் கூகுளில் தேடுங்க. முடிவுகளுக்கு நடுவே “People also ask” என்று ஒரு பெட்டி வரும். ஒரு கேள்வியைத் தொட்டால் கீழே இன்னும் சில கேள்விகள் விரியும். தலைப்பை விட்டு விலகும் வரை எடுத்து, ஒரு நோட்டில் எழுதிக்குங்க. தமிழோடு இந்தி, ஆங்கிலத்திலும் தேடுங்க. கேட்கிற ஆள் தமிழில் தேடமாட்டார் இல்லையா? கடைக்காரரும் வீட்டு உரிமையாளரும் நேரில் கேட்பதையும் சேர்த்துக்குங்க.

அடுத்தது பிரிப்பது. “என்ன ஆவணம் வேண்டும்?”, “ஆதார் மட்டும் போதுமா?” இரண்டும் ஒரே கேள்வி, பதில் கட்டுரையிலேயே இருக்கு. நீக்கிடுங்க. ஆனால் அதைப் பலரும் கேட்டால், கட்டுரையில் அந்த வரி கண்ணில் படவில்லை என்று அர்த்தம். அதைத் துணைத் தலைப்பாக மேலே கொண்டு வாங்க. “புதுக் கார்டுக்கு விண்ணப்பிப்பது எப்படி?” என்பது வேறு சேவை. அதற்குத் தனிக் கட்டுரை வேண்டும்.

மிஞ்சுவதுதான் நமக்கு வேண்டியது. “நான் இங்கே வாங்கினா ஊர்ல குடும்பத்துக்கு நின்னுடுமா?” இந்தப் பயத்தாலேயே உரிமை உள்ள ஆள் வெளியே காசு கொடுத்து அரிசி வாங்கிக்கொண்டிருக்கலாம். இதற்கு ஒரு பதில் இப்படி வரலாம்: “ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு திட்டத்தில் எங்கு வேண்டுமானாலும் ரேஷன் பெறலாம். இதற்கு ஆதார் எண் அவசியம்.” இதில் கேட்டதற்குப் பதிலே இல்லை. கட்டுரைதான் மறுபடி வந்திருக்கு.

சரியான பதில் இது: “நிற்காது. கார்டில் நான்கு பேர் இருந்தால் மாதம் 20 கிலோ. நீங்கள் இங்கே 5 கிலோ வாங்கினால், மீதி 15 கிலோவை ஊரில் குடும்பத்தார் அதே மாதம் வாங்கிக்கொள்ளலாம்.” முதல் சொல்லே பதில், பிறகு கணக்கு. கட்டுரையில் இல்லாதது மட்டும்தான் இருக்கு.

இதே மாதிரி இன்னொன்று: “பருப்பு, பாமாயில் கிடைக்குமா?” “கிடைக்காது. அவை தமிழ்நாடு அரசு தன் கார்டுதாரர்களுக்குத் தருபவை. வெளிமாநில கார்டுக்கு மத்திய அரசின் அரிசி, கோதுமை மட்டுமே.” இதை முன்பே படித்தவர் கடையில் வாக்குவாதம் செய்யமாட்டார்.

எழுதி முடித்ததும் கட்டுரையைக் கையால் மறைத்துவிட்டு, பதில்களை மட்டும் படிங்க. பிறகு கையை எடுத்து ஒவ்வொரு வரியும் மேலே இருக்கிறதா என்று பாருங்க. இருந்தால் அடிச்சிடுங்க. “மேலே கூறியபடி” என்று எழுதத் தோன்றினாலே அந்த வரி தேவையில்லை என்று தெரிஞ்சுக்கலாம்.

இரண்டு எச்சரிக்கை. அந்தப் பெட்டி கேள்விகளைக் காட்டும். எத்தனை பேர் கேட்டார்கள் என்று காட்டாது. அதனால் ‘அதிகம் பேர் கேட்பது’ என்று அதை வைத்து எழுதாதீங்க. அங்கே வரும் பதில்கள் பிற தளங்களில் இருந்து எடுத்தவை, பழையதாக இருக்கலாம். அரிசி கிலோ 3 ரூபாய் என்று ஒரு பழைய பக்கம் சொல்லும். 2023 ஜனவரி முதல் இந்தத் தானியம் இலவசம். அதை அப்படியே நகல் எடுத்தால், இலவச அரிசிக்கு ஒரு தொழிலாளி காசு கொடுக்க நேரும். கேள்வியை மட்டும் அங்கிருந்து எடுங்க; பதிலை அரசாணையில் பார்த்து எழுதுங்க. விதி மாறும்போது கட்டுரையோடு இந்தப் பகுதியையும் திருத்துங்க.