பயிற்சிக் கடிதத்தில் மூன்று கேள்விகள்

கல்கத்தாவில் லேக் மார்க்கெட்டை அடுத்த தெருக்களில் தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பங்களில், பட்டம் பெற்ற பிள்ளைக்கு ஒரு கம்பெனியிலிருந்து பயிற்சிக்கான அழைப்பு வந்துவிட்டால் வீடே மகிழ்கிறது. ஆனால் அந்தக் கடிதத்தை இரண்டாம் முறை படிப்பவர் சிலரே. அண்மையில் எமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துப் பெண், சால்ட் லேக் ஐந்தாம் செக்டரில் உள்ள ஒரு நிறுவனத்தின் கடிதத்தை எம்மிடம் கொண்டுவந்தாள். ஆறு மாதப் பயிற்சி. உதவித்தொகை 'மாதம் 10,000 ரூபாய் வரை'. வேலை நேரம் 'தேவைக்கேற்ப'. கீழே மனிதவளப் பிரிவினர் ஒருவரின் கையொப்பம். இவ்வளவே.

மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட நாம் பெரிய சொற்களைவிடச் சிறிய சொற்களுக்கே அஞ்சுகிறோம். 'வரை' என்பது அத்தகைய சொல். நூறு ரூபாய் கொடுத்தாலும் அது பத்தாயிரம் வரையில் அடங்கியதே அன்றோ! ஆகவே நிலையான தொகை எவ்வளவு, வேலையின் அளவைப் பொறுத்துக் கூடுவது எவ்வளவு, அது மாதந்தோறும் கிடைக்குமா அல்லது பயிற்சி முடிவில்தானா, விடுப்பு எடுத்தால் எவ்வாறு கழிப்பார்கள் என்று எழுதிக் கேட்கும்படி அவளிடம் கூறினோம். தொலைபேசியில் பெற்ற பதில் போதாது; மின்னஞ்சலில் வரவேண்டும்.

பதில் வந்தது. நிலையான தொகை 6,000. எஞ்சிய 4,000 மாத இலக்கை எட்டினால் மட்டும். நேரமோ, வாரத்தில் ஆறு நாள். ஒரு வாரம் காலை பதினொன்று முதல் இரவு எட்டு, மறுவாரம் பிற்பகல் இரண்டு முதல் இரவு பதினொன்று. நாங்கள் காகிதம் எடுத்துக் கணக்கிட்டோம். மாதத்தில் பன்னிரண்டு இரவுகள் பதினொரு மணிக்கு மேல் லேக் மார்க்கெட்டுக்குத் திரும்பவேண்டும். அந்நேரத்தில் டாக்ஸிக்கு 350 ரூபாய் என்று கொண்டாலே 4,200 ஆகிறது. கையில் நிற்பது 1,800. பத்தாயிரம் என்று படித்த கண்ணுக்கு இத்தொகை புலப்படவில்லை; நேரத்தைக் கேட்ட பிறகே உதவித்தொகையின் உண்மை அளவு தெரிந்தது.

இங்கே ஒரு வேறுபாட்டை அறிந்துகொள்வது நலம். இக்காலத்தில் 'இன்டர்ன்ஷிப்' என வழங்கும் சாதாரணப் பயிற்சிக்குக் குறைந்தபட்சத் தொகை என்று எதனையும் விதிக்கும் பொதுச் சட்டம் இல்லை, கடிதமே எல்லாம். 1961ஆம் ஆண்டின் அப்ரென்டிஸ் சட்டத்தின்கீழ் ஒப்பந்தம் பதிவு செய்யப்பட்டால் நிலைமை வேறு. 2019இல் திருத்திய விதிகள் பட்டதாரிக்கு மாதம் 9,000 ரூபாய்க்குக் குறையாமல் தரவேண்டும் என்றன. இது மாறக்கூடியதாகையால், கையொப்பமிடும் நாளில் நடப்பிலுள்ள தொகையை விசாரித்துக்கொள்ளவேண்டும். கிழக்குப் பிராந்தியத்திற்கான செய்முறைப் பயிற்சி வாரியம் இதே சால்ட் லேக்கில்தான் இருக்கிறது. ஆகவே, 'இது அச்சட்டத்தின்கீழ் பதிவாகும் ஒப்பந்தமா?' என்று ஒரு வரி கேட்டுவிடலாம். அப்பெண்ணுக்கு 'இல்லை' என்ற பதிலே வந்தது. நல்லது, குறைந்தபட்சத் தொகையைச் சட்டத்தின் பேரில் கோர இயலாது என்பதாவது தெளிவாயிற்று. பயிற்சிக்குப் பின் வேலை உண்டு என்ற உறுதியை அச்சட்டமும் தருவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம்.

மூன்றாவது, யாரிடம் வேலை கற்பது என்ற கேள்வி. இதனைக் கேட்கப் பலர் கூச்சப்படுகின்றனர். 'வந்ததும் சொல்வார்கள்' என்று இருந்துவிடுகின்றனர். கடிதத்தில் ஒப்பமிட்டவர் மனிதவளப் பிரிவினர். அவர் வேலை கற்பிக்கமாட்டார். கற்பிப்பவர் பெங்களூரில் இருக்கலாம். வருகையைக் குறிப்பவர் இங்கே வேறொருவராக இருக்கலாம். இறுதியில் கல்லூரிக்கு அனுப்பவேண்டிய மதிப்பீட்டுத் தாளை எடுத்துச் சென்றால், மூவரும் ஒருவரையொருவர் காட்டுவார்கள். ஆகவே, அன்றாடம் வேலை தருபவரின் பெயர், பதவி, அவர் இருக்கும் ஊர், சான்றிதழில் ஒப்பமிடுபவர் யார், இடையில் அவர் மாறிச்சென்றால் பொறுப்பேற்பவர் யார் என்று கேட்டாள். பெயரைத் தர நிறுவனம் தயங்கினால், இன்னும் வேலையே ஒதுக்கப்படவில்லை என்று ஊகிக்கலாம். அத்தகைய இடங்களில் பயிற்சியாளர் வாரக்கணக்கில் சும்மா உட்கார்ந்திருப்பதும் உண்டு.

கேட்ட முறையும் முக்கியம். 'அழைப்புக்கு நன்றி, ஏற்பதற்கு முன் கீழ்க்கண்டவற்றைத் தெரிவித்தால் உதவியாயிருக்கும், வெள்ளிக்கிழமைக்குள் என் முடிவைத் தெரிவிக்கிறேன்' என்றே எழுதினாள். குறை கூறவில்லை, பேரமும் பேசவில்லை. டாக்ஸிக் கணக்கை மட்டும் இரண்டாம் கடிதத்தில் குறித்து, இரவு முறையில் வீடு சேர்க்க நிறுவனத்தின் வண்டி உண்டா என்று கேட்டாள்.

வண்டி தருவதாகவும், மேற்பார்வையாளர் இன்னார் என்றும் திருத்திய கடிதம் நான்கு நாளில் வந்தது. இலக்கைச் சார்ந்த 4,000 மட்டும் அப்படியே இருந்தது. அதனை இல்லாத பணமாகவே கருதி, 6,000 என்று எண்ணிக்கொண்டு அவள் கையொப்பமிட்டாள்.