ஒழுகுற கண்டெய்னர், ரெண்டு துறைமுகம், ஒரு பக்கத்து நாடு

ஐயப்பன்தாங்கல்ல இருந்து பேசுறேன். இன்னைக்கு 2021-ல கொழும்புக்கு வெளியே எரிஞ்சு மூழ்கின எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பலைப் பத்தி. தீ, கரையெல்லாம் குவிஞ்ச வெள்ளைப் பிளாஸ்டிக் மணி, ஒதுங்கின ஆமைங்கன்னு அந்தப் படங்களை எல்லாரும் பார்த்திருப்போம். ஆனா சட்டக் கேள்வி அதுக்கு ஒன்பது நாள் முன்னாடியே ஆரம்பிச்சிடுச்சு.

மே 11. சிங்கப்பூர்க் கொடி போட்ட அந்தக் கப்பல்ல நைட்ரிக் ஆசிட் இருந்த ஒரு கண்டெய்னர் ஒழுகுறது தெரிய வருது. முதல்ல கத்தார்ல ஹமத் துறைமுகத்துல "இதை இறக்கிக்கோங்க"ன்னு கேக்குறாங்க. முடியலை. அடுத்து குஜராத்துல ஹசிரா. அங்கேயும் முடியலை. அந்தச் சரக்கைக் கையாளத் தேவையான வசதியும் நிபுணர்களும் உடனடியா கிடைக்கலைங்கிறதுதான் காரணம்னு கப்பல் நிறுவனம் சொல்லுச்சு. ஒழுகுற பெட்டியோடயே கப்பல் கொழும்புக்குப் போச்சு. மே 20 தீப்பிடிச்சுது. ஜூன் 2, ஆழ்கடலுக்கு இழுத்துட்டுப் போகப் பார்க்கும்போது பின்பக்கம் தரைதட்டி மூழ்க ஆரம்பிச்சுது. கப்பல்ல 1,486 கண்டெய்னர், சுமார் 1,680 டன் பிளாஸ்டிக் மணிகள்.

இப்போ கேள்வி: இதுல ஒரு அரசாங்கத்துக்கு இன்னொரு அரசாங்கத்துகிட்ட ஏதாவது கடமை இருந்ததா?

ஒரு அபார்ட்மென்ட்டை நினைச்சுக்கோங்க. மேல் வீட்டு பைப் உடைஞ்சு கீழ் வீட்டு சீலிங் நனையுது. பைப் உடைஞ்சதுக்காக மட்டும் மேல் வீட்டுக்காரர் மேல தப்பு சொல்ல முடியாது. ஆனா ஒழுகுறது தெரிஞ்ச பிறகும் பிளம்பரைக் கூப்பிடலை, கீழ இருக்கிறவங்ககிட்ட சொல்லவும் இல்லைன்னா? அது தப்பு. சர்வதேச சட்டம் 'டியூ டிலிஜென்ஸ்'னு சொல்றது கிட்டத்தட்ட இதைத்தான். நாடு பார்க்க வேண்டியது சேதமே வராம இருக்குறது இல்லை. தடுக்கத் தன்னால முடிஞ்சதை உண்மையா செய்யறதுதான். நடத்தை சம்பந்தப்பட்ட கடமை. சேதம் வந்தாலே மீறல்னு ஆகாது.

இந்தியா, இலங்கை, கத்தார், சிங்கப்பூர் நாலுமே ஏத்துக்கிட்ட ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையில ரெண்டு பிரிவு இங்க முக்கியம். பிரிவு 195: ஆபத்தை ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்கு நேரடியாவோ மறைமுகமாவோ தள்ளிவிடக் கூடாது. பிரிவு 198: கடலுக்கு உடனடி ஆபத்துன்னு ஒரு நாட்டுக்குத் தெரிஞ்சா, பாதிக்கப்படலாம்னு அது நினைக்கிற மத்த நாடுங்களுக்கு உடனே சொல்லணும்.

"எங்ககிட்ட வசதி இல்ல"ங்கிறது நியாயமான பதிலா இருக்கலாம். துறைமுகத் தொழிலாளியோட உயிரும் முக்கியம். ஆபத்துல இருக்குற கப்பலை உள்ள விட்டே ஆகணும்னு கட்டாயமும் இல்ல. சர்வதேச கடல்சார் அமைப்போட வழிகாட்டி, நிலைமையை எடைபோட்டு முடிவெடுங்கன்னுதான் சொல்லுது. ஆனா "இறக்க முடியாது"ங்கிறதோட வேலை முடிஞ்சிடுச்சா? அடுத்த துறைமுகத்துக்கு அரசு மட்டத்துல தகவல் போச்சா? நிபுணர்களை வரவழைக்கும் வரை கப்பலை வெளியிலயே நிறுத்த முடியுமான்னு யோசிச்சாங்களா? விஷயம் துறைமுக அலுவலகத்தைத் தாண்டி அரசாங்கத்துக்கு எட்டிச்சா? இந்தப் பதில்கள்லதான் டியூ டிலிஜென்ஸ் இருக்கு.

"ஒழுகுற பெட்டி தீப்பிடிக்கும்னு அப்போ உறுதியா தெரியாதே"ன்னு கேக்கலாம். அங்கதான் முன்னெச்சரிக்கைக் கோட்பாடு வருது. கடும் பாதிப்பு வரலாம்னா, முழு நிச்சயம் இல்லங்கிறதைக் காரணம் காட்டித் தடுப்பைத் தள்ளிப்போடக் கூடாது. 1996-ல பாலாற்றுத் தோல் தொழிற்சாலைகள் வழக்குல நம்ம உச்ச நீதிமன்றம் இதை இந்தியச் சட்டத்தோட பகுதின்னே சொல்லிடுச்சு. 2011-ல கடல் சட்டத் தீர்ப்பாயத்தோட ஒரு அமர்வு, முன்னெச்சரிக்கை டியூ டிலிஜென்ஸுக்குள்ளயே அடங்கும்னு கருத்து சொல்லுச்சு.

நடந்தது என்ன? ஜூலை 2025-ல இலங்கை உச்ச நீதிமன்றம் கப்பல் தரப்பு 100 கோடி டாலர் கொடுக்கணும்னு உத்தரவு போட்டுச்சு. அது கம்பெனி மேல, சொந்த நாட்டு நீதிமன்றத்துல. நாடுங்களுக்கு இடையிலான கேள்வி எந்த சர்வதேச நீதிமன்றத்துக்கும் போகலை. தீயை அணைக்க இந்தியக் கடலோரக் காவல் படைக் கப்பல்கள் போனதும் உண்மை. ஆனா அது தீப்பிடிச்ச பிறகு செஞ்ச உதவி.

இன்னொரு பக்கமும் பாருங்க. மே 2025-ல எம்எஸ்சி எல்சா 3 கேரளாவுக்கு வெளியே மூழ்குச்சு. பிளாஸ்டிக் மணிங்க நம்ம தென்கரையில ஒதுங்குச்சு, இலங்கைக் கரைக்கும் போச்சு. இந்தத் தடவை மேல் வீட்டுல நாம.

அதனால அடுத்த கப்பல் விபத்துச் செய்தியில "எவ்வளவு கொட்டுச்சு"ன்னு மட்டும் பார்க்காதீங்க. பக்கத்து நாட்டுக்கு எந்தத் தேதியில தெரிஞ்சுது, யார் சொன்னாங்கன்னு தேடுங்க. மே 11-க்கும் மே 20-க்கும் நடுவுல இருந்த அந்த ஒன்பது நாள் மாதிரி. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.