எந்தக் கட்டை அவிழ்த்தாய்?

(ராஜபாளையம் வட்டாரத்துக் கிராமம் ஒன்றில், 37 ஆண்டுகள் ஆரம்பப் பள்ளியில் பணியாற்றி 2025 மே மாதம் ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு ஊர் மக்கள் நடத்திய பிரிவுபசாரக் கூட்டத்தில், அவரிடம் படித்த பஞ்சாலைத் தொழிலாளி ஒருவர் ஆற்றிய உரை.)

நடவு வேலையை முடித்துக்கொண்டு சேற்றுக் காலோடு வந்திருக்கும் தோழர்களே! இரவு ஷிப்டுக்குப் போக வேண்டியவர்கள் முன் வரிசையில் இருக்கிறார்கள். ஆகவே நான் அதிக நேரம் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் வாத்தியாரை வாழ்த்தினார்கள். அவர் பொறுமைசாலி, அன்பானவர் என்றெல்லாம் சொன்னார்கள். அத்தனையும் உண்மைதான். ஆனால் பொறுமைசாலிகள் நம் ஊரில் வேறு பேரும் இருக்கிறார்கள். இந்த மனிதர் வகுப்பறையில் என்ன செய்தார், எப்படிச் செய்தார் என்பதை ஒருவராவது சொல்ல வேண்டாமா? அதைச் சொல்லத்தான் எழுந்தேன்.

1994-ஆம் வருஷம் நான் மூன்றாம் வகுப்பு. ஐந்து வகுப்புக்கு இரண்டே உபாத்தியாயர்கள். ஒரு நாள் கரும்பலகையில் 503-லிருந்து 267-ஐக் கழி என்று எழுதிப் போட்டார். நான் 364 என்று விடை எழுதினேன். என் பக்கத்தில் இருந்த பையன் 246 என்று எழுதினான். இரண்டும் தப்பு. வேறு யாராவது இருந்தால் இரண்டு பேருக்கும் சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டு, கவனமில்லாத கழுதைகள் என்று சொல்லி, கைக்கு ஒரு அடியும் கொடுத்திருப்பார்கள். இவர் பெருக்கல் குறி போடவில்லை. "எப்படிச் செய்தாய், சொல்லிக்கொண்டே செய் பார்ப்போம்" என்றார்.

நான் சொன்னேன்: மூன்றுக்கும் ஏழுக்கும் வித்தியாசம் நாலு, சைபருக்கும் ஆறுக்கும் வித்தியாசம் ஆறு, ஐந்துக்கும் இரண்டுக்கும் வித்தியாசம் மூன்று. அதாவது, மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழிப்பது என்று நானாகவே ஒரு சட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். கடன் வாங்கத் தேவையில்லாத கணக்குகளில் அந்தச் சட்டம் சரியான விடையையே கொடுத்துக்கொண்டிருந்ததால், அது தப்பு என்று எனக்குத் தெரிய வழியே இல்லை. பக்கத்துப் பையன் போட்ட தப்பு வேறு ஜாதி. அவனுக்குக் கடன் வாங்கத் தெரியும். மூன்றில் ஏழு போகாது, பக்கத்தில் சைபர்தான் இருக்கிறது, ஆகவே அதற்கும் அடுத்த ஐந்திலிருந்து ஒன்றை எடுத்தான். ஐந்து நாலாயிற்று. நடுவில் இருந்த சைபரைப் பத்தாக்கினான், கடைசியில் இருந்த மூன்றையும் பதிமூன்றாக்கினான். எடுத்தது ஒன்று, கொடுத்தது இரண்டு இடத்தில். விடையில் சரியாகப் பத்து அதிகம்.

கவனிக்க வேண்டும் தோழர்களே! ஒரே கணக்கில் இரண்டு பையன்கள் தவறினார்கள், ஆனால் இரண்டு பேருக்கும் இரண்டு வேறு மருந்து தேவைப்பட்டது. இதைக் கண்டுபிடிக்க அவருக்கு எந்தக் கருவியும் வேண்டியிருக்கவில்லை. தப்பு விடையை அழிக்காமல் வைத்துக்கொண்டு அதைக் கூர்ந்து பார்த்தார், அவ்வளவுதான்.

மறுநாள் பழைய விளக்குமாறு ஒன்றைப் பிரித்து ஈர்க்குச்சிகளை ஒரே அளவாக ஒடித்துக் கொண்டுவந்தார். பத்துக் குச்சி சேர்த்தால் ஒரு கட்டு. அப்படிப் பத்துக் கட்டைச் சேர்த்துத் தென்னை நாரால் கட்டினால் நூறு, ஒரு பெரிய கட்டு. என் முன்னால் ஐந்து பெரிய கட்டும் மூன்று குச்சியும் வைத்தார். சின்னக் கட்டு ஒன்றுகூட இல்லை. "இதில் எனக்கு 267 குச்சி கொடு" என்றார். ஏழு உதிரிக் குச்சி வேண்டும், இருப்பதோ மூன்று. சின்னக் கட்டை அவிழ்க்கலாம் என்றால் அது கிடையாது. ஒரு பெரிய கட்டை அவிழ்த்தேன், பத்துச் சின்னக் கட்டு வந்தது. அதில் ஒன்றை அவிழ்த்தேன், பத்துக் குச்சி வந்தது. இப்போது என்னிடம் நாலு பெரிய கட்டு, ஒன்பது சின்னக் கட்டு, பதிமூன்று குச்சி. ஏழு குச்சி கொடுத்தேன், ஆறு மிச்சம். ஆறு கட்டுக் கொடுத்தேன், மூன்று மிச்சம். இரண்டு பெரிய கட்டுக் கொடுத்தேன், இரண்டு மிச்சம். 236.

அடுத்தாற்போல் அந்தப் பையனைக் கூப்பிட்டு, "உன் கணக்கில் நடுவில் பத்துக் கட்டு இருக்கிறதே, குச்சி வேண்டுமென்று எந்தக் கட்டை அவிழ்த்தாய்?" என்று கேட்டார். அவன் எண்ணிப் பார்த்தான். ஒன்பதுதான் இருந்தது. அன்றைக்குப் பிறகு அவன் அந்தத் தப்பைச் செய்து நான் பார்த்ததில்லை.

இதில் ஒரு கஷ்டமும் உண்டு. குச்சியைக் கொடுத்துவிட்டால் பிள்ளைகள் குச்சியை விடமாட்டார்கள், ஐந்தாம் வகுப்பிலும் குச்சியையே எண்ணிக்கொண்டிருப்பார்கள். அதனால் சில நாள் குச்சி, பிறகு சிலேட்டில் கட்டுக்குப் பதிலாகக் கோடு, அதற்கும் பிறகு எண்ணுக்கு மேல் சின்னதாக எழுதும் எண் மட்டும் என்று படிப்படியாகக் குச்சியைப் பிடுங்கினார். இதற்கெல்லாம் நேரம் ஆகும். புத்தகத்தின் கடைசிப் பாடங்கள் பல வருஷம் ஓட்டமாகத்தான் ஓடின. பார்வையிட வந்தவர்கள் அதற்காக அவரைக் கடிந்துகொண்டதை ஜன்னல் வழியாக நாங்களே கேட்டிருக்கிறோம்.

இனி ஆலைக்கு வருகிறேன். 2016-ஆம் வருஷம் நான் ஸ்பின்னிங்கில் சைடர் வேலை பார்த்தேன். எந்த ஆலை என்பது இங்கே வேண்டாம். தங்கச்சி கல்யாணத்துக்காக அட்வான்ஸ் வாங்கியிருந்தேன். மாதாமாதம் பிடித்தம் போகும், பாக்கியைக் கிளார்க் ஒரு நோட்டில் கையால் எழுதிக் கையெழுத்து வாங்குவார். ஒரு மாதம் பாக்கி 4,005 ரூபாய். பிடித்தம் 1,250. மிச்சம் 2,855 என்று எழுதியிருந்தது. பேனாவைக் கையில் எடுத்தவன் கீழே வைத்துவிட்டேன். நூறு ரூபாய் கூட இருக்கிறது என்பது மட்டுமல்ல, அந்தத் தப்பின் முகம் எனக்குப் பழக்கமானது! ஆயிரத்திலிருந்து ஒன்றை எடுத்திருக்கிறார், நூறு இடத்தில் பத்து வந்திருக்கிறது, அதில் ஒன்றைப் பத்து இடத்துக்குக் கொடுத்த பிறகும் நூறு இடத்தில் பத்தாகவே வைத்துக் கழித்திருக்கிறார். ஒன்பதில் இரண்டு போனால் ஏழு, பத்தில் இரண்டு போனால்தானே எட்டு? சரியான பாக்கி 2,755.

நான் சண்டை போடவில்லை. "ஐயா, 2,855-ஐயும் 1,250-ஐயும் கூட்டிப் பாருங்கள்" என்றேன். கூட்டினார். 4,105 வந்தது. ஒன்றும் பேசாமல் அடித்துத் திருத்தினார். அவர் வேண்டுமென்று செய்தார் என்று நான் சொல்லவில்லை. சம்பள நாளன்று வரிசையில் நின்ற எத்தனையோ பேருக்கு எழுதிக் களைத்த கை அது. ஆனால் அன்று மாலை எங்கள் செக்‌ஷனில் ஏழெட்டுப் பேர் அவரவர் பாக்கியை நின்று கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்கள். கழித்ததைக் கூட்டிச் சரிபார் என்பது இவர் எங்கள் காதில் தினமும் ஓதிய மந்திரம்.

விவசாயத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் விஷயத்தையும் சொல்ல வேண்டும். நடவுக்கும் கதிர் அறுப்புக்கும் தாய் தகப்பன் போய்விட்டால், பெரிய பிள்ளை வீட்டில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பத்து நாள், பதினைந்து நாள் பள்ளிக்கு வராது. திரும்பி வரும்போது பாடம் எங்கேயோ போயிருக்கும். வெட்கப்பட்டுக்கொண்டு மறுபடி வராது. பிறகு பெயரை அடித்துவிடுவார்கள், கதை முடிந்தது. எந்தக் குழந்தையையும் பள்ளியை விட்டு வெளியேற்றக் கூடாது என்று 2010 ஏப்ரல் 1-ஆம் தேதி அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. அதற்கு வெகுகாலம் முன்பே இவர் பெயரை அடிப்பதை நிறுத்திவிட்டார். அதே சமயம் வராத பிள்ளையை வந்ததாக எழுதவும் மாட்டார். "வந்ததாக எழுதிவிட்டால் அது எந்தப் பாடத்தை விட்டது என்று எனக்கே தெரியாமல் போய்விடுமே" என்பார். ஒரு நோட்டில் பிள்ளையின் பெயருக்கு நேரே விட்ட பாடத்தைக் குறித்துவைப்பார். வந்த அன்றிலிருந்து மதியச் சாப்பாடு முடிந்ததும் வேப்ப மரத்தடியில் அந்தப் பிள்ளைக்கு மட்டும் அந்தப் பாடம் நடக்கும். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டே வரலாம் என்று சொன்னவரும் இவர்தான். அந்த வேப்ப மரத்துக் கிளையில் தூளி ஆடியதை இங்கிருக்கும் அக்காமார்கள் பலர் மறந்திருக்க மாட்டார்கள். அதில் ஆடிய குழந்தை ஒன்று இப்போது மேடைக்குப் பந்தல் போட்டுவிட்டு அதோ நிற்கிறது!

கடைசியாக, கொரோனாக் காலம். 2020 மார்ச்சில் மூடிய பள்ளி, ஒன்றிலிருந்து எட்டு வரை வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தது. என் மகள் இரண்டாம் வகுப்பு. ஒன்றாம் வகுப்பை அவள் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் புத்தகத்தை விரித்தால் கடகடவென்று வாசிப்பாள். எனக்கு ஒரே சந்தோஷம். வாத்தியார் படத்தின் மேல் கையை வைத்து மறைத்தார். வரியின் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு, "இது என்னம்மா?" என்றார். விழித்தாள். படத்தைப் பார்த்து, வீட்டில் கேட்ட பாடத்தை ஒப்பித்திருக்கிறாளே தவிர எழுத்துத் தெரியவில்லை! அதற்குப் பிறகு அவர் ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே உட்காரவைத்து எழுத்து, சொல், வாக்கியம், சின்னக் கதை என்று வாசிக்கச் சொல்லி, எங்கே நிற்கிறது என்று பார்த்தார். தினமும் காலையில் ஒரு மணி நேரம் வகுப்பைக் கலைத்துவிட்டு, எழுத்தில் நிற்பவர்கள் ஒரு வட்டம், சொல்லில் நிற்பவர்கள் ஒரு வட்டம் என்று உட்காரவைத்தார். நாலாம் வகுப்புப் பையனும் என் மகளும் ஒரே வட்டத்தில் இருந்தார்கள். அந்தப் பையனுக்கு அவமானமாக இருக்கக் கூடாதென்று அவனை வட்டத்துக்குத் தலைவனாக்கி, அட்டைகளை எடுத்துக் கொடுக்கும் வேலையை அவனிடம் ஒப்படைத்தார். எல்லாப் பிள்ளைகளும் தேறிவிட்டார்கள் என்று நான் சொன்னால் வாத்தியாரே எழுந்து மறுப்பார். இரண்டு மூன்று பேர் அந்த வருஷ முடிவிலும் சொல் வட்டத்தைத் தாண்டவில்லை. அவர்களுடைய பெயரும் நோட்டில் இருக்கிறது.

ஊர் மக்கள் சேர்ந்து வாத்தியாருக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கியிருக்கிறோம். தலைவர் அவர்கள் அதை அணிவிப்பார்கள். அதற்கு முன்னால் ஒரு காரியம் பாக்கி இருக்கிறது. இந்த வருஷத்து நோட்டை வாத்தியார் கையோடு கொண்டுவந்திருக்கிறார். ஜூன் மாதம் மூன்றாம் வகுப்புக்குப் போகும் பிள்ளைகளில் யார் எந்தக் கழித்தலில் நிற்கிறார்கள், யார் எந்தச் சொல்லில் நிற்கிறார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அவருடைய இடத்துக்கு வரவிருக்கும் ஆசிரியை அவர்களும் சபையில் இருக்கிறார்கள். அம்மா, தயவுசெய்து மேடைக்கு வாருங்கள். சார், நோட்டை நீங்களே அவர்கள் கையில் கொடுங்கள்.