பிரயாணப் பையில் இன்சுலின்

யாழ்ப்பாணத்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் விமானத்தில் சென்னை சென்று, அங்கிருந்து புகையிரதத்தில் மதுரைக்குப் போகிறார் என்று கொள்வோம். அவருக்கு நீரிழிவு, காலையும் மாலையும் இருபது அலகு இன்சுலின் ஏற்றிக்கொள்பவர். மனைவியார் மருந்தைப் பெரிய பெட்டியில் அடுக்குகிறார். மகனோ அதனை எடுத்துக் கைப்பையில் வைக்கிறான். விமானத்தின் அடியறையிலே குளிர் மிகுந்து மருந்து உறையக்கூடும். உறைந்த இன்சுலின் மீண்டும் உருகினாலும் பயன்படாது. பனிக்கட்டியோடு ஒட்டி வைப்பதும் அதே காரணத்தால் தவறு. ஊசிகள் உடன் வருவதால் வைத்தியரின் கடிதமும் அப்பையிலேயே இருக்கிறது.

வெப்பமும் மருந்தைக் கெடுக்கும். நீரில் ஊறவைத்த குளிர்ப்பை, ஈரம் ஆவியாகும்போது குளிர்ச்சி தருகிறது. ஆகையால் அதனைக் காற்றுப்படும்படி வைத்தல் வேண்டும். பிளாஸ்டிக் உறையில் மூடினால் பயனில்லை. கடலோரத்து ஈரக்காற்றில் அது குறைவாகவே குளிரும். வெப்பத்தாற் கெட்ட மருந்து பார்வைக்கு நல்லதுபோலவே தோன்றலாம். வழக்கமான அளவை ஏற்றியும் இரத்தச் சீனி இறங்காவிடில் மருந்தையே ஐயுற வேண்டும்.

இரவு ஏழு மணி. அடுத்த நிலையத்தில் உணவு வரும் என்று நம்பி ஆசிரியர் ஊசி ஏற்றிக்கொள்கிறார். வண்டி வழியில் நின்றுவிடுகிறது. சிறிது நேரத்தில் வியர்வை, கைநடுக்கம். சோதித்தால் 58 மில்லிகிராம். 70க்குக் கீழே போனாலே குறைவுதான். வீட்டிலேயே பதினைந்து கிராமாக நிறுத்துக் கட்டிவந்த குளுக்கோசுப் பொட்டலம் ஒன்றை நீரிற் கரைத்துக் குடிக்கிறார். பதினைந்து நிமிடத்தின்பின் 66, இன்னொரு பொட்டலம். அதன்பின் 92. உணவு வரும்வரை பிஸ்கற்று உண்கிறார். சொக்கலேற்றிலுள்ள கொழுப்பு சீனியைத் தாமதிக்கச் செய்யும். அவசரத்துக்கு அது உதவாது. நினைவிழந்தவர் வாயில் எதுவும் ஊற்றலாகாது. பிரயாணத்தில் உணவு கைக்கு வந்தபின் ஊசி ஏற்றுவதே பாதுகாப்பு.

மதுரையில் குப்பி கைதவறி உடைகிறது. கடையில் வாங்கிய புதுக்குப்பியில் மில்லிலீற்றருக்கு 40 அலகு, உடைந்ததிலோ 100. பழைய ஊசியில் இருபதாம் கோடுவரை இழுத்தால் உட்செல்வது எட்டு அலகே. மாறாக, 100 அலகு மருந்தை 40க்குரிய ஊசியில் இருபதாம் கோடுவரை இழுத்தால் ஐம்பது அலகு செல்லும். அது உயிருக்கே ஆபத்து. குப்பியில் எழுதிய எண்ணும் ஊசியில் எழுதிய எண்ணும் ஒன்றாதல் வேண்டும்.

நல்லவேளையாக இரண்டாம் குப்பி, அதற்குரிய ஊசிகள், சோதனைக் கருவி, பட்டிகள், மின்கலம் ஆகியன மகனின் பையில் இருக்கின்றன. தேவையைப்போல் இருமடங்கு கொண்டுசென்று அதனை இரு பைகளிற் பிரித்து வைத்ததனால், அன்று மாலை ஆசிரியர் தமது இருபது அலகையே ஏற்றிக்கொள்கிறார்.